மச்சானுக்கு இடப்பக்கம் இல்லாமல் போன கதை

எங்கள் மச்சான், அதாவது என் கூடப்பிறந்த மூத்தவள் ராத்தாவின் மாப்பிள்ளை, பாரிசவாதம் வந்து படுத்து எழும்பியபோது ஊர் முழுவதும் அவருடைய இடது கையைத்தான் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் விரலை நீட்டி, “நசுக்குங்க பாப்பம்” என்றார்கள். முதல் கிழமை அவரால் ஒரு முருங்கைப்பூவைக்கூட நசுக்க முடியவில்லை. மூன்றாம் கிழமை பள்ளிவாசல் மரைக்கார் ஒருவரின் மோதிர விரலைப் பிடித்து நசுக்கியதில் மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அன்றே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, வாய் கோணவில்லை, ஆள் சுகம்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் கல்முனைத் தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்தவன். முத்திரை கிழிப்பேன், ரெஜிஸ்டர் தபால் பதிவேன், காசுக்கட்டளைக்கு வந்த கிழவிகளிடம் ஏச்சு வாங்குவேன். மூளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இங்கிலிசு வாசிப்பேன் என்ற ஒரே காரணத்துக்காக, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் மச்சானோடு டொக்டரின் அறைக்குள் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஹயரிங் கார்களில் மச்சானுடையது சாம்பல் நிற மொரிஸ் மைனர். பிள்ளை வயிற்றோடு இருக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. குலுங்காமல் ஓடுவார், அவசரத்துக்கு வந்தவர்களிடம் பேரம் பேசமாட்டார். மற்றெல்லோரிடமும் பேசுவார். காரைத் தொட்டால் பொறுப்பார், காரைப் பற்றிக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். வீடு ராத்தாவின் சீதன வீடு, வளவு ராத்தாவின் வளவு, கிணறும் தென்னையும் ராத்தாவுடையவை. மச்சானுடையது என்று அந்தப் படலைக்குள் நின்ற ஒரே பொருள் அந்தக் கார்தான். இதை நான் பகிடியாக அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மச்சான்மார் ஒருவரை ஒருவர் நக்கலடிக்காவிட்டால் அந்த உறவு எதற்கு? ஆனால் இந்தக் கதையில் அதுதான் சங்கதி. காரை நிறுத்தச் சொல்வது அவரைப் பெண்டாட்டி வீட்டில் சும்மா குந்தச் சொல்வது.

டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர். மெலிந்த மனிதர், கோபமும் மெலிந்த கோபம், சுருக்கென்று வரும். கையை நசுக்கச் சொல்லவில்லை. மச்சானுக்கு நேரே உட்கார்ந்து, தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் விரித்து ஒரு விரலை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கேட்டார். மச்சான் வலம் என்றார், சரி. இடம் என்றார், அதுவும் சரி. எனக்கு அலுப்பாக இருந்தது. இதைத்தானா இவ்வளவு படித்தீர்கள் என்று நினைத்தேன். பிறகு டொக்டர் இரண்டு விரல்களையும் ஒன்றாக ஆட்டினார். மச்சான் வலம் என்றார். திரும்பவும் இரண்டையும் ஆட்டினார். வலம். நான் அருகில் நின்று இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒரு வெள்ளைத் தாளில் அங்குமிங்கும் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, எல்லாக் கோட்டையும் வெட்டச் சொல்லிப் பேனையைக் கொடுத்தார். மச்சான் சோதனை எழுதும் மாணவனைப்போல் மும்முரமாக வெட்டினார். தாளின் வலது பாதியில் ஒரு கோடு தப்பவில்லை. இடது பாதியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பேனையை மூடி மேசையில் வைத்து, “முடிஞ்சி” என்றார். எல்லாவற்றையும் வெட்டியாயிற்றா என்று டொக்டர் கேட்டார். ஓம், ஒன்றும் மிச்சமில்லை, வேண்டுமென்றால் இன்னொரு தாள் தாருங்கள் என்றார் மச்சான்.

கண்ணில் குறையில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். மூளையின் வலப்பக்கத்தில் அடி. அந்தப் பக்கம்தான் இடது கையையும் ஆட்டுகிறது, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையும் கவனிக்கிறது. கை திரும்பி வந்துவிட்டது, கவனம் வரவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் வரும், சிலருக்கு வராமலே போகும். கண் பார்வை மங்கினவனுக்குத் தனக்கு மங்கல் என்று தெரியும், கண்ணாடி கேட்பான். இந்த நோய் வருத்தத்தில் அதுவும் கிடையாது. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் காக்கா என்றே கூப்பிட்டுச் சொன்னார்.

“தெரியேல்ல எண்டு தெரிஞ்சாத் திரும்பிப் பார்ப்பீங்கள், காக்கா. உங்களுக்குத் தெரியேல்ல எண்டதே தெரியாது. எங்கட ரோட்டில இடப்பக்கம்தானே சனம் போறது?”

உண்மைதான். நாங்கள் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள். வலப்பக்கத்தில் எதிரே வரும் பஸ்தான், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சைக்கிள்காரன், ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை, தொழுகைக்குப் போகும் கிழவன், எல்லாம் இடது கரையில்தான். மச்சான் அந்த விளக்கத்தை, சந்தையில் மீன் பழசு என்று சொல்லக் கேட்ட வியாபாரியின் முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

டொக்டர் கடிதம் எழுதினார். அதை இங்கிலிசில் எழுதி, சீல் அடித்து, உறையில் போடாமல் என் கையில் கொடுத்து வாசித்துக் காட்டச் சொன்னார். நான் அங்கேயே தமிழில் சொன்னேன். இன்னாருக்கு மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாரிசவாதம் வந்தது. கை கால் பலம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது, இடப்பக்கக் கவனம் திரும்பவில்லை. ஆகையால் மூன்று மாதத்தின் பின் சோதித்து எழுத்தில் தரும்வரை எந்த மோட்டார் வாகனமும் ஓட்டத் தகுதியற்றவர். அந்தச் சோதனையில் தேறினாலும் அது சொந்தக் காருக்கு மட்டும். வாடகைக்கு ஆள் ஏற்றுவதென்றால் மட்டக்களப்பில் உள்ள வைத்திய நிபுணர் தனியாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். கடைசிப் பந்தியில், லைசன் வைத்திருப்பவர் என்ற முறையில் இந்த வருத்தத்தை மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்கும் கடமை அவருடையது என்றும், இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும், இவை அவருக்கு வாயால் சொல்லப்பட்டன என்றும் இருந்தது. ஒரு பிரதி ஆஸ்பத்திரிக் கோப்பில்.

மச்சான் ட்ரக்டர் ஓட்டலாமா என்று கேட்டார். ரோட்டில் கூடாது என்றார் டொக்டர். மோட்டார் சைக்கிள்? கூடாது. அப்படியென்றால் நீங்கள் இதைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டார்.

“நான் அனுப்பமாட்டன். அது உங்கட கடமை. உங்கட வருத்தத்தை ஊருக்குச் சொல்லுறது என்ர வேலை இல்லை. ஆனா நீங்கள் அறிவிக்காமல் கார் ஓடுறீங்கள் எண்டு எனக்குத் தெரிய வந்தால், முதல்ல உங்களுக்குச் சொல்லிப்போட்டு, பிறகு நானே எழுதுவன்.”

இதில் மச்சான் காதில் விழுந்தது முதல் இரண்டு சொல் மட்டும்தான். வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, “பாத்தியா, அவரு அனுப்பமாட்டாராம்” என்றார்.

அன்று பின்னேரமே நான் ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்னுடைய அரசாங்க இங்கிலிசில், பணிவாக, மூன்றே வரி. இன்ன இலக்க லைசன் உடைய எனக்கு இன்ன வருத்தம், வைத்தியரின் கடிதம் இத்துடன், லைசனும் இத்துடன், தங்கள் பணிப்புக்குக் காத்திருக்கிறேன். கீழே ஒரு வெற்றிடம். கையெழுத்துப் போட வேண்டிய ஆள் விறாந்தையில் சாய்வு நாற்காலியில் கிடந்து, மௌத்தானவன்கூடத் தன் மரணத்தைத் தானே அறிவிப்பதில்லை, நான் மட்டும் ஏன் அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். ஊரும் அவருக்கு ஒத்து ஊதியது. டொக்டர்மார் தங்கள் தலையைக் காப்பாற்ற அப்படித்தான் எழுதுவார்களாம். கொழும்பில் இருக்கிறவனுக்கு வாழைச்சேனை எது வரிப்பத்தான்சேனை எது என்று தெரியாதாம், மச்சானின் இடப்பக்கம் தெரியப்போகிறதா? சாய்ந்தமருதில் ஒரு டொக்டர் இருக்கிறார், பேனையும் கையுமாகத்தான் இருப்பார், என்ன கேட்டாலும் எழுதுவார் என்று ஒருவர் விலாசம் கொடுத்தார். ஒரு நாட்டு வைத்தியப் பரிசாரி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அதை இரண்டு பக்கமும் தேய்க்கச் சொன்னார், மச்சான் வலது பக்கம் மட்டும் தேய்த்தார். ராத்தா அதைக் கண்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ராத்தா அழுகிற ஆளில்லை. அடுத்த நாள் காரைக் கிளப்பும் திறப்பை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள். இரண்டு கடிதங்களையும் லைசனையும் அலுமாரிக்குள் வீட்டு உறுதியோடு வைத்துப் பூட்டினாள். கையெழுத்து வைக்கும்வரை சோறு உண்டு, கதை இல்லை என்று சொல்லிவிட்டாள். மச்சான் அதை ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டார். கதை இல்லாத வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாமாம்.

இரண்டாம் திறப்பு ஒன்று இருந்தது எனக்கும் தெரியாது, ராத்தாவுக்கும் தெரியாது.

வரிப்பத்தான்சேனையில் மச்சானின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கலியாணம். ராத்தா பிள்ளைகளோடு முதல் நாளே ட்ரக்டரில் போய்விட்டாள், சமையலுக்கு ஆள் வேண்டும் என்று. மச்சான் என்னோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. நான் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மச்சானும் இல்லை, காரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், உங்கள் மச்சான் இப்பதான் ராசா மாதிரிப் போனார் என்று சொன்னார். நான் பஸ்ஸில் ஏறினேன். காரைதீவு தாண்டி, சம்மாந்துறை தாண்டி, வயல் ரோட்டு முழுக்க நான் இடப்பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடியே போனேன். எங்கேயாவது சனம் கூடி நிற்கிறதா என்று. ஓரிடத்திலும் கூட்டமில்லை. அதில் எனக்குப் பாதி நிம்மதி, பாதி கடுப்பு.

கலியாண வீட்டில் மச்சான் பந்தலின் நடுவில் நின்று, யாரோடோ இறக்காம மீனைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தலையில் தொப்பி, முகத்தில் வெற்றி. என்னைக் கண்டதும், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கலியாண வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன்.

சாப்பாட்டுக்கு இருந்தோம். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் மற்றக் கறிகளும் போட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து, அவரவர் முன்னால் உள்ள பங்கை அவரவர் சாப்பிடுவது. கோடு கிடையாது, ஆனால் எல்லோருக்கும் கோடு தெரியும். அடுத்தவனின் பங்குக்குள் விரல் போகிறவனுக்கு ஊரில் ஒரு பட்டம் வைத்துவிடுவார்கள், அது அவனுடைய பேரப்பிள்ளை வரைக்கும் போகும். மச்சான் இந்த விஷயத்தில் சுத்தம். என்னை அவருக்கு வலப்பக்கத்தில் இருத்தினார்கள்.

பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்துச் சோற்றில் ஒரு கை. பார்த்தால் மச்சானின் கை. பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் முழங்கையால் ஓர் இடி கொடுத்தேன். அவர் கவனிக்கவில்லை. மிகவும் மரியாதையாக, அளவோடு, என் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு அடுத்தவரின் எல்லைக்குத் தள்ளப்பட்டேன். அவர் இறக்காமத்தில் ஒரு வட்டவிதானை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற மனிதர், எல்லை விஷயத்தில் பொல்லாதவர். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

அப்போது மச்சான் தலையை உயர்த்தி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். குறை சொல்லும் குரல் இல்லை, சொந்தக்காரன் உரிமையோடுதான் கேட்டார்.

“எனக்கிட்ட இறைச்சி வெக்க மறந்திட்டீங்க போல.”

ஐந்து பேரும் பார்த்தோம். மச்சானின் இறைச்சி அவர் முன்னால்தான் இருந்தது, இடது கைப் பக்கமாக. இரண்டு பெரிய துண்டு, எலும்போடு. அதைச் சுற்றிச் சோறு ஒரு பருக்கை கலையாமல் கிடந்தது. வலப்பக்கத்தில் தட்டின் வெள்ளை தெரிந்தது. கத்தியால் வெட்டினது போல நேர் கோடு. எனக்கு அந்தத் தாளும் கோடுகளும் நினைவுக்கு வந்தன. பரிமாற வந்தவர் அவர் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்து, “ரெண்டு துண்டும் காணாதா, காக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

மச்சானுக்கு முகம் சிவந்தது. தன்னை எல்லோரும் சேர்ந்து முட்டாளாக்குகிறார்கள் என்று நினைத்தார். நான் சஹனின் விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினேன். இறைச்சி இடப்பக்கத்திலிருந்து அவருக்கு நேரே வந்தது.

அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, தன் இடப்பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தார். அங்கே அவருடைய சொந்தப் பெரியவாப்பாவின் மகன் இருந்தார். இவ்வளவு நேரமும் அவர் மச்சானோடு கதைத்துக்கொண்டேதான் இருந்தார். மச்சான் ஒரு பதிலும் சொல்லாததால் கோபத்தில் இருந்தார்.

“நீ எப்ப வந்த?” என்று கேட்டார் மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கைகழுவப் போவதாகச் சொல்லி எழும்பினேன். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. பொய் சொல்வதென்ன, ஓர் ஓரத்தில் சிரிப்பும் வந்தது. அந்த வட்டவிதானையின் முகம் அப்படி. சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தால் மனிதன் நடக்கத்தான் வேண்டும். நடந்து பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தின் கீழ் நின்ற மொரிஸிடம் போனேன்.

வலப்பக்கம் பளபளவென்று இருந்தது, காலையில் கழுவியிருக்கிறார். சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன். முன் மட்கார்ட் நசுங்கியிருந்தது. லைட்டின் வளையத்தைக் காணவில்லை. பம்பரின் முனையில் ஏதோ துணி தொங்கியது. ஈரம் காயாத துணி. கையில் எடுத்து விரித்தேன். மஞ்சள் நிறத்தில் பூப்போட்ட சட்டை, மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். ஒரு கை பம்பரில் மாட்டிக் கிழிந்திருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குக் காட்டினேன். என் கையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். நான் அவருடைய தோளைப் பிடித்து, காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முகத்தைப் பிடித்து நசுங்கின மட்கார்டுக்கு நேரே திருப்பினேன். இளையவன் மூத்த மச்சானின் முகத்தைப் பிடிப்பதென்பது வேறு நாளில் நடந்திருந்தால் கைகலப்பு.

“குழியெண்டு நெனச்சன்” என்றார். “வாய்க்காலடியில ஒரு குழி. ரோட்டுக் கந்தோர்க்காரனுக்கு ஏசிட்டு வந்தன்.”

பிறகு நிலத்தில் குந்திவிட்டார்.

கலியாண வீட்டு ட்ரக்டர்காரரை இழுத்துக்கொண்டு வந்தேன். அவரிடம் கார் லைசனும் இருந்தது. மச்சான் தானாகவே முன் இடப்பக்க ஆசனத்தில் ஏறினார், தன்னுடைய காரில் முதல் தடவையாக. நான் பின்னால். ராத்தாவுக்குச் சொல்லவில்லை. என்ன சொல்வது? வாய்க்காலடிக்குத் திரும்பிப் போகும்போது மச்சான் இடையிடையே கேட்டுக்கொண்டு வந்தார். இப்போது வாய்க்கால் வலப்பக்கம் வந்துவிட்டது, அதனால் அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதுதான் கொடுமை. சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு போகிறவர், குடை பிடித்த இரண்டு பிள்ளைகள், ஆடு மேய்க்கிற கிழவி, வாய்க்காலுக்குள் எருமை. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நான் வரக்குள்ளயும் இதுல ஆக்கள் நிண்டிருப்பாங்களா?”

ஓம் என்றேன்.

“நான் ஒருத்தரையும் காணல்ல, மச்சான். ரோடு வெறுசாக் கெடந்திச்சி. அதான் சந்தோசமா வந்தன்.”

வாய்க்காலில் படி கட்டியிருந்த ஓரிடத்தில் ஒரு பெண் நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டின் கரையில் ஒரு தகர வாளியைக் கல்லால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மணலும் சேறும் பிடித்த உடுப்புக் குவியல். அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, மேலில் ஒன்றும் இல்லாமல், மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. ட்ரக்டர்காரர் காரை நிறுத்துவதற்கு முன்பே மச்சான் கதவைத் திறந்துவிட்டார். அவருடைய வாயிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பெண் காரை அடையாளம் கண்டாள். நான் தபால் கந்தோரில் எத்தனையோ ஏச்சுக் கேட்டவன், கிழவிகளின் ஏச்சில் ஊறினவன். அவள் அன்று ஏசியது போல் ஒருவர் ஏசிக் கேட்டதில்லை. மச்சானின் கண்ணில் தொடங்கி, கார், கார் வாங்கின காசு, அவருடைய உம்மா வாப்பா, கல்முனை என்ற ஊர், அந்த ஊரில் உள்ள வாகனம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து அலசிப் பிழிந்து காயப்போட்டாள். மச்சான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நடுவில் அவள் மூச்சு வாங்க நின்றபோது, சட்டையை நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் பிள்ளையின் மேல் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் குரல் இறங்கியது.

“இவள் இந்த வாளிக்குப் பக்கத்திலதான் குந்தி இருந்தவள். சவுக்காரம் கண்ணுக்க போயிட்டெண்டு கத்தினாள். தூக்கிக்கொண்டு தண்ணிக்க எறங்கினன். திரும்பிப் பாக்கிறன், வாளி இல்ல.”

மச்சான் வாளியை விலைக்குத் தரும்படி கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. புது வாளிக்கும் உடுப்புக்கும் காசைக் கொடுத்துவிட்டு, நசுங்கின வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். கலியாண வீட்டுக்கு மடியில் வாளியோடு திரும்பின மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வட்டவிதானை மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார்.

அன்று பின்னேரம் ராத்தாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். இரண்டாம் திறப்பையும் கொடுத்தார். ராத்தா ஒரு சொல்லும் ஏசவில்லை என்று பிறகு என்னிடம் சொல்லிக் குறைப்பட்டார். ஏசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம் என்றார்.

அடுத்த நாள் காலையில் தபால் கந்தோர் திறந்ததும் கவுண்டரில் முதல் ஆள் மச்சான். பஸ்ஸில் வந்திருந்தார். டொக்டரின் கடிதம், நான் எழுதின கடிதம், லைசன் மூன்றையும் என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனையைக் கொடுத்தேன். வெற்றிடத்தின் நடுவில் தொடங்கினார். பெயர் முடிவதற்குள் தாள் முடிந்துவிட்டது, கடைசி எழுத்து கவுண்டர் பலகையில் விழுந்தது. நான் தாளை இழுத்துச் சரியாக வைக்கப் போனேன். வேண்டாம், அப்படியே போகட்டும், அவர்களும் பார்க்கட்டும் என்றார்.

நான் உறையில் வைத்து ஒட்டி, பதிந்து, பற்றுச்சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குனிந்து காலடியிலிருந்து எதையோ தூக்கி, அந்தத் தகர வாளியை என் கவுண்டரில் வைத்தார். நசுங்கின பக்கம் என்னைப் பார்த்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதையும் அந்தக் கந்தோருக்கு அனுப்பேலாதா? ரெஜிஸ்டர்ல?”

தகர வாளியைக் கடிதத்தோடு ஏற்க முடியாது, பார்சலாகக் கட்டினால் முடியும், ஆனால் கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று நான் சொன்னேன். எனக்குச் சிரிக்கவேண்டும் போலிருந்தது, அவருடைய முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“கடிதத்துல எனக்கு இடப்பக்கம் தெரியா எண்டுதானே இரிக்கி” என்றார். “இதுக்குப் பக்கத்துல ஒரு புள்ள இருந்த எண்டு அதுல இல்லியே.”